ஓ.டி. வரம்பை உயர்த்தக் கேட்கும்முன் போட வேண்டிய கணக்கு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கு அட்டைப்பெட்டி செய்து தரும் சிறு பட்டறை ஒன்றின் உரிமையாளர், ஜனவரி மாதம் என் மேசைக்கு வந்தார். சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் வங்கிக்கான கோப்பு தயாரிப்பதும் என் பிழைப்பு. அவர் கையில் நான்கு வரிக் கடிதம் இருந்தது. தொழில் பெருகிவிட்டதால் ஓ.டி. வரம்பை ரூ.25 லட்சத்திலிருந்து ரூ.50 லட்சமாக உயர்த்தித் தருமாறு வங்கி மேலாளருக்கு எழுதியிருந்தார்.

“ஏன் 50?” என்று கேட்டேன்.

“50 கேட்டால்தானே சார், 35 ஆவது கொடுப்பார்கள்.”

பேரம் பேசுவதற்கு வங்கி காய்கறிச் சந்தை அல்ல. 50 கேட்டு 35 வாங்குகிறவரைவிட, 35 கேட்டு அந்த 35 எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறவருக்கு வேலை சீக்கிரம் முடிகிறது. அவருக்காக நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களைச் சற்று மாற்றி முழு லட்சங்களாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாகக் காட்டி வாங்கும் நடைமுறை மூலதனக் கடனை வங்கிகள் கேஷ் கிரெடிட் என்று எழுதும். சொத்தையோ வைப்புத்தொகையையோ வைத்து வாங்குவது ஓவர்டிராஃப்ட். கடைத்தெருவில் இரண்டுக்கும் ஓ.டி. என்றே பெயர். இந்தக் கட்டுரையில் நான் பேசுவது முதல் வகையைப் பற்றி. பேச்சு வழக்கை ஒட்டி ஓ.டி. என்றே எழுதுகிறேன். வரம்புக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், போடலாம். அன்றன்று எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறோமோ அதற்கு மட்டும் வட்டி.

எவ்வளவு பணம் சிக்கியிருக்கிறது?

பெட்டிக்காரரின் தொழில் எளியது. காகித ஆலையிலிருந்து கிராஃப்ட் காகித ரீல்களை வாங்குகிறார். அவற்றை நெளித்து, ஒட்டி, வெட்டி, அச்சிட்டுப் பெட்டியாக்குகிறார். ஏற்றுமதியாளரிடம் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். ஆலைக்குப் பதினைந்து நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஏற்றுமதியாளர் இரண்டு மாதம் கழித்துத் தருவார். இடையிலுள்ள நாட்களுக்கு யாராவது பணம் போட வேண்டும். ஓ.டி. என்பது அந்த இடைவெளிக்கான பணம், அவ்வளவுதான்.

ஆகவே முதல் கேள்வி வரம்பு எவ்வளவு வேண்டும் என்பதல்ல. இடைவெளி எவ்வளவு என்பதுதான். டிசம்பர் 31 அன்றிருந்த நிலையை ஒரு தாளில் எழுதினோம்.

மாத விற்பனை வரி நீங்கலாக ரூ.20 லட்சம். அதற்கு மாதம் ரூ.13 லட்சத்துக்குக் காகிதம் வேண்டும். ஒரு மாதக் காகிதம் எப்போதும் இருப்பில் இருக்கும், ஆக ரூ.13 லட்சம். பாதி முடிந்த பெட்டிகளும் வண்டிக்குக் காத்திருக்கும் பெட்டிகளும் ஏறக்குறைய ஒரு வாரத்து வேலை, ரூ.4 லட்சம். வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி வரியோடு சேர்த்து ரூ.42 லட்சம்.

இவற்றோடு பலர் எழுத மறக்கும் ஓர் இனம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதே நாளில் கிராஃப்ட் காகிதத்துக்கு 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. வாங்கும்போது அதிக வரி, விற்கும்போது குறைந்த வரி. மாதம் ரூ.13 லட்சம் காகிதத்துக்கு அவர் கட்டும் வரி ரூ.2.34 லட்சம். ரூ.20 லட்சம் விற்பனையில் வசூலிக்கும் வரியோ ரூ.1 லட்சம். மாதாமாதம் ரூ.1.34 லட்சம் அரசிடம் வரவாகத் தேங்கி நிற்கிறது. விண்ணப்பித்தால் திரும்ப வரும், ஆனால் வரும்வரை அது அவருடைய பணமாகவே சிக்கிக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கு ரூ.4 லட்சம். “விற்பனை நன்றாகத்தான் போகிறது, பணம் மட்டும் எங்கே போகிறது என்று தெரியவில்லை” என்று அவர் சொன்னதற்குப் பாதி விடை இங்கே இருந்தது.

கூட்டினால் ரூ.63 லட்சம் தொழிலுக்குள் சிக்கியிருக்கிறது. இந்த 63 யாருடைய பணம்? ஓ.டி.யிலிருந்து 25, முழுக்க எடுத்தாகிவிட்டது. அவருடைய சொந்தப் பணம் 20. காகித ஆலைக்குத் தர வேண்டியது 13. இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு, வெளியில் வாங்கியது 5.

ஆலைக்கு ஒழுங்காகப் பதினைந்து நாளில் கொடுத்திருந்தால் பாக்கி ரூ.8 லட்சத்துக்குள் இருந்திருக்கும். இப்போது 13 என்றால் ரூ.5 லட்சம் தவணை தாண்டி நிற்கிறது. அந்த 5, வட்டிக்கு வாங்கிய 5, மொத்தம் 10. அவருக்கு உண்மையில் பற்றாக்குறை ரூ.10 லட்சம். ரூ.25 லட்சம் அல்ல. இப்போதைய 25 ஓடு இந்தப் பத்தைச் சேர்த்தால் 35.

இந்த 35 என்ற எண் கிடைத்ததும் அவர் முகம் சற்று வாடியது. பெரிய எண்ணோடு போனால்தான் மதிப்பு என்று நினைப்பு. ஆனால் எதற்கு என்று சொல்ல முடிகிற 10, சொல்ல முடியாத 25 ஐவிடக் கனமானது.

வங்கி போடும் முதல் கணக்கு

சிறு தொழில்களுக்கு வங்கிகள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது. 1992 முதல் பேசப்படுகிறது. ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வார்கள். அதில் 20 விழுக்காட்டை வங்கி தரும், 5 விழுக்காட்டை உரிமையாளர் போட வேண்டும். குறு, சிறு தொழில்களில் ரூ.5 கோடி வரையான வரம்புகளுக்கு இது பொருந்தும்.

முக்கியமான செய்தி, இங்கே கணக்கில் எடுப்பது போன ஆண்டு விற்பனையை அல்ல, வரும் ஆண்டு எதிர்பார்க்கும் விற்பனையை. பெட்டிக்காரருக்கு ரூ.25 லட்சம் ஒப்புதலானபோது எதிர்பார்த்த விற்பனை ரூ.1.25 கோடி. அதில் 20 விழுக்காடு சரியாக 25. இப்போது எதிர்பார்ப்பது ரூ.2.40 கோடி. சூத்திரப்படி தேவை ரூ.60 லட்சம், வங்கியின் பங்கு ரூ.48 லட்சம், அவர் பங்கு ரூ.12 லட்சம். அவரோ ஏற்கெனவே 20 போட்டிருக்கிறார்.

“அப்படியானால் 48 கேட்கலாமே!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேட்கலாம். ஆனால் அந்த 48 ஐ எடுக்க முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், ரூ.2.40 கோடி என்ற எதிர்பார்ப்பை வங்கி எப்படி நம்பும்?

2024-25 இல் அவருடைய விற்பனை ரூ.1.80 கோடி. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி என்றால் யாரும் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனால் அவரிடம் நல்ல சாட்சி இருந்தது: ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் தாக்கல் செய்த GSTR-3B படிவங்கள். ஒன்பது மாத விற்பனை ரூ.1.77 கோடி. போன ஆண்டு முழுவதும் விற்றதை இந்த ஆண்டு ஒன்பதே மாதத்தில் ஏறக்குறைய எட்டியாகிவிட்டது. மீதி மூன்று மாதத்துக்கு மாதம் ரூ.21 லட்சம் வந்தால் போதும், 2.40 ஆகிவிடும். கையிலிருக்கும் ஆர்டர்களையும் பின்னால் இணைத்தோம். வளர்ச்சி என்ற சொல்லைக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

ஆர்டர் காட்டுவதில் ஓர் எச்சரிக்கை. வாய்மொழி உறுதியும் வாட்ஸ்அப் செய்தியும் ஆர்டர் ஆகாது. கொள்முதல் ஆணை, அளவு, விலை, தேதி இவை வேண்டும். அவ்வாறு இல்லாதவர்கள் ஒரே வாடிக்கையாளரின் கடந்த பன்னிரண்டு மாத விலைப்பட்டியல்களை வரிசைப்படுத்திக் காட்டினால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

வரம்பு வேறு, டிராயிங் பவர் வேறு

இனி அந்த 48 ஐ ஏன் எடுக்க முடியாது என்பது. புதிதாக ஓ.டி. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒப்புதலான வரம்பு என்பது மேற்கூரை. ஆனால் ஒவ்வொரு மாதமும் நீங்கள் கொடுக்கும் சரக்கிருப்பு அறிக்கையை, அதாவது ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து, அந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி தனியாக ஒரு கணக்குப் போடும். அதற்குப் பெயர் டிராயிங் பவர். வரம்பு, டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்க முடியும். கூரை எவ்வளவு உயரமானாலும் ஏணி எட்டும்வரைதானே ஏறலாம்.

கணக்கு இப்படிப் போகும். சரக்கிருப்பிலிருந்து, அந்தச் சரக்குக்காக ஆலைக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழிப்பார்கள். பணம் கொடுக்காத சரக்கு உங்கள் சரக்கல்ல என்பது வங்கியின் நியாயம். மீதியில் ஒரு பங்கை மார்ஜின் என்று பிடித்துக்கொள்வார்கள். பொதுவாக 25 விழுக்காடு. வரவேண்டிய பாக்கியில் 90 நாளைத் தாண்டியவற்றைப் பெரும்பாலான வங்கிகள் அடியோடு நீக்கிவிடும். மீதியில் 25 முதல் 40 விழுக்காடு வரை மார்ஜின். எந்த வங்கி, எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்து இவை மாறும். உங்கள் ஒப்புதல் கடிதத்தில் அச்சிட்டிருக்கும். அந்தக் கடிதத்தை வாங்கிய நாளோடு பூட்டி வைத்துவிட்ட உரிமையாளர்களே அதிகம்.

பெட்டிக்காரரின் ஒப்புதல் கடிதப்படி சரக்குக்கு 25, பாக்கிக்கு 40. டிசம்பர் இறுதிக்குப் போட்டுப் பார்த்தோம்.

சரக்கு 13 உம் 4 உம் சேர்ந்து 17. ஆலைப் பாக்கி 13 ஐக் கழித்தால் 4. அதில் மார்ஜின் போக 3. வரவேண்டிய பாக்கி 42 இல் ரூ.6 லட்சம் 90 நாளைத் தாண்டியது, ஒரே ஏற்றுமதியாளரிடம் நிற்பது. அதை நீக்கினால் 36. அதில் 40 விழுக்காடு போக ரூ.21.60 லட்சம். இரண்டும் சேர்ந்து ரூ.24.60 லட்சம்.

அவருடைய வரம்பு 25. எடுத்திருப்பதும் 25. டிராயிங் பவர் 24.60. அதாவது கூரையை எட்டுவதற்கு முன்பே ஏணி தீர்ந்துவிட்டது. டிசம்பரில் மின்கட்டணக் காசோலை ஒன்று திரும்பியதற்குக் காரணம் வரம்பு போதாமை என்று அவர் நினைத்திருந்தார். இந்த நிலையில் வங்கி 48 லட்சத்துக்கு ஒப்புதல் தந்தாலும் அவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கிடைத்திருக்காது.

GST வரவாகத் தேங்கிய ரூ.4 லட்சம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அது சொத்துதான், ஆனால் டிராயிங் பவருக்கு உதவாத சொத்து. அந்தச் சுமையை உரிமையாளர் தன் தோளில்தான் தாங்க வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்கும் RFD-01 விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் போடச் சொன்னேன்.

இன்னொரு வேடிக்கை. ஆலைக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தால் ஓ.டி.க்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஆலைப் பாக்கி ரூ.5 லட்சம் ஏறினால் டிராயிங் பவர் ரூ.3.75 லட்சம் இறங்குகிறது.

கூடுதல் வரம்பு கிடைத்து, ஆலைப் பாக்கியை 8 ஆகக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று போட்டோம். சரக்கு 17 இல் 8 போக 9; மார்ஜின் போக 6.75. பாக்கியில் அதே 21.60. மொத்தம் ரூ.28.35 லட்சம். நமக்கு வேண்டியது 35. இன்னும் எட்டவில்லை. வங்கி பாக்கி மீதான மார்ஜினை 40 இலிருந்து 25 ஆகக் குறைத்தால் 36 இல் 27 கிடைக்கும், மொத்தம் ரூ.33.75 லட்சம். ஏறக்குறைய எட்டிவிடுகிறது.

ஆகவே கோரிக்கை ஒன்றல்ல, இரண்டு: வரம்பை 35 ஆக்குங்கள், பாக்கி மீதான மார்ஜினை 25 ஆக்குங்கள். இரண்டாவதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமலேயே பலர் முதலாவதை வாங்கிக்கொண்டு வந்து, ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று வங்கியைத் திட்டுவார்கள்.

நான்கு தாள்களும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்

கோப்பை வாங்கியதும் கடன் அதிகாரி செய்யும் முதல் வேலை கடிதத்தைப் படிப்பதல்ல. GST படிவம், சரக்கிருப்பு அறிக்கை, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, வங்கிக் கணக்கின் வரவு இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இவை முரண்பட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் இரும்பு வேலைப் பட்டறைக்குக் கோப்பு தயாரித்தேன். மார்ச் 31 சரக்கிருப்பு அறிக்கையில் ரூ.22 லட்சம் சரக்கு. அதே மார்ச் 31 ஆண்டுக் கணக்கில் ரூ.14 லட்சம். டிராயிங் பவருக்காக ஓரிடத்தில் கூட்டியும், வரிக்காக இன்னோரிடத்தில் குறைத்தும் எழுதியிருந்தார்கள். நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதிகாரி பார்த்தார். இரண்டு எண்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, எதையும் கேட்காமல் கோப்பைத் திருப்பித் தந்தார். வரம்பு உயரவில்லை என்பது மட்டுமல்ல, அதன் பிறகு அந்தப் பட்டறைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரக்குத் தணிக்கை வந்தது. அன்றிலிருந்து மார்ச் மாத எண்ணை நான்தான் முதலில் சரிபார்க்கிறேன்.

பெட்டிக்காரரிடம் முரண் வேறிடத்தில் இருந்தது. 2024-25 விற்பனை ரூ.1.80 கோடி, அப்போதைய 12 விழுக்காடு வரியோடு ஏறக்குறைய ரூ.2 கோடி. அவ்வளவும் வசூலாகாவிட்டாலும் ரூ.1.90 கோடியாவது ஓ.டி. கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். வந்திருந்ததோ ரூ.1.45 கோடி. மீதி எங்கே? வேறொரு வங்கியில் அவருக்குப் பழைய நடப்புக் கணக்கு இருந்தது. இரண்டு ஏற்றுமதியாளர்கள் பழக்கத்தில் அதற்கே பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தப்பொன்றும் இல்லை. ஆனால் கடன் தந்த வங்கியின் கண்ணுக்கு, அது தன் பணத்தில் செய்த சரக்கின் வரவு அடுத்த வீட்டுக்குப் போவதாகத் தெரியும். அந்தக் கணக்கின் பட்டியலையும் இணைத்து, ஜனவரி முதல் எல்லா வரவும் ஓ.டி. கணக்குக்கே வரும் என்று எழுதி, அந்த இரு வாடிக்கையாளர்களுக்கும் கணக்கு எண் மாற்றக் கடிதம் அனுப்பிய நகலையும் வைத்தோம்.

நாள்தோறும் இருப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் அதிகாரி பார்ப்பார். 25 வரம்பில் மாதத்தில் சில நாட்கள் 16 வரை இறங்கிப் பின் 25 க்கு ஏறினால் பணம் சுழல்கிறது என்று பொருள். ஆண்டு முழுவதும் 24.80 க்கும் 25 க்கும் இடையிலேயே நின்றால் பணம் எதிலோ உறைந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஓ.டி.யிலிருந்து எடுத்து இயந்திரமோ வேனோ வாங்கியிருப்பார்கள். அப்படியென்றால் வரம்பை உயர்த்தக் கேட்பது தவறான மருந்து. அந்தத் தொகைக்குத் தனியாகத் தவணைக் கடன் கேட்டு ஓ.டி.யை விடுவிப்பதே சரி. பெட்டிக்காரரின் கணக்கு அக்டோபர் வரை நன்றாக ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் மேலேயே ஒட்டிக்கொண்டது. வரி மாறியதும் விற்பனை ஏறியதும் அப்போதுதான். இந்தத் தேதிப் பொருத்தம் நூறு வார்த்தை விளக்கத்தைவிட நன்றாகப் பேசியது.

எப்போது கேட்பது என்பதும் இதோடு சேர்ந்ததே. காசோலை திரும்பப் போகிற வாரத்தில் போய்க் கேட்கக் கூடாது. இருப்பு தொடர்ந்து 90 நாள் வரம்பையோ டிராயிங் பவரையோ தாண்டியே நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். 30 நாள் தாண்டியதுமே கவனிக்க வேண்டிய கணக்குகளின் பட்டியலில் பெயர் ஏறத் தொடங்கும். சரக்கிருப்பு அறிக்கையும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு மேல் பழைய அறிக்கையை வைத்துக் கணக்கிட்ட டிராயிங் பவரை ஒழுங்கற்றது என்றே வங்கி எடுத்துக்கொள்ளும். இந்த நிலையில் உள்ளவருக்கு உயர்வு தர அதிகாரி விரும்பினாலும் கை வராது. பெட்டிக்காரர் 40 ஆயிரம் ரூபாய் தாண்டித்தான் நின்றார். கோப்பைக் கொடுக்கும்முன் அதைக் கட்டி உள்ளே வரச் செய்தோம்.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புதுப்பித்தலோடு சேர்த்துக் கேட்பது நல்லது. எப்படியும் அப்போது கணக்கை முழுவதும் பார்ப்பார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் போன்ற ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் போதவில்லை என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கான தற்காலிகக் கூடுதல் வரம்பு கேட்கலாம். அதற்கு இத்தனை தாள்கள் வேண்டியதில்லை.

கடிதம்

எண்கள் தயாரானபின் கடிதம் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மையப் பகுதி இப்படி:

> எங்கள் ஓ.டி. வரம்பு ரூ.25 லட்சம், ஆண்டு விற்பனை ரூ.1.25 கோடி என்ற மதிப்பீட்டில் ஒப்புதலானது. 2024-25 விற்பனை ரூ.1.80 கோடி. 2025-26 இல் டிசம்பர் வரை ரூ.1.77 கோடி, ஆண்டு மதிப்பீடு ரூ.2.40 கோடி.
>
> டிசம்பர் 31 நிலவரப்படி சரக்கு, பாக்கி, ஜி.எஸ்.டி. வரவு ஆகியவற்றில் ரூ.63 லட்சம் உள்ளது. இதில் ரூ.20 லட்சம் எங்கள் சொந்த மூலதனம். காகித ஆலைக்குத் தவணை கடந்த ரூ.5 லட்சமும் வெளிக்கடன் ரூ.5 லட்சமும் இதில் அடங்கும்.
>
> இந்த ரூ.10 லட்சத்தை அடைக்க வரம்பை ரூ.35 லட்சமாக உயர்த்தவும், வரவேண்டிய பாக்கி மீதான மார்ஜினை 40 இலிருந்து 25 விழுக்காடாகக் குறைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். இவ்விரண்டும் செய்தபின் டிராயிங் பவர் ரூ.33.75 லட்சம் என்ற கணக்கு இணைப்பில் உள்ளது.
>
> 90 நாள் கடந்த ரூ.6 லட்சம் ஒரே வாடிக்கையாளரிடம் உள்ளது. வசூல் நடவடிக்கை விவரம் இணைப்பில்.

வெளியில் வட்டிக்கு வாங்கியதை எழுத வேண்டுமா என்று அவர் தயங்கினார். எழுதச் சொன்னேன். மறைத்தால் 63 க்கு வரவு காட்ட முடியாது. அதிகாரி அந்த ஓட்டையைத்தான் முதலில் பார்ப்பார். தவிர அதுவே நல்ல வாதம். ரூ.5 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் ரூ.10,000. அவருடைய ஓ.டி. வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு. அதே தொகைக்கு மாதம் ரூ.4,600க்குள் முடிந்துவிடும். வட்டிச் சுமை குறைகிறவர் திருப்பிக் கட்டும் திறன் கூடுகிறவர்.

பழைய 6 லட்சத்தைப் பற்றிய வரியையும் அவர் எடுத்துவிடப் பார்த்தார். ஏற்கெனவே சரக்கிருப்பு அறிக்கையோடு கொடுக்கும் பாக்கிப் பட்டியலில் அது இருக்கிறது. நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்பார்கள். வசூலுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. தவிர, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும்வரை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வழக்குக்குப் போகாமல், மார்ச் நெருங்குகிறது என்று நினைவூட்டி ஒரு மரியாதையான கடிதம் போட்டாலே பல கணக்குப் பிரிவுகள் அசைந்துகொடுக்கும்.

வரம்பு உயர்ந்தால் செலவும் உண்டு: பரிசீலனைக் கட்டணம், புதிய ஆவணங்களுக்கான முத்திரைத்தீர்வை, ஜாமீன்தாரர் மறுபடி கையெழுத்திட வேண்டியது. சொத்து ஈடு இல்லாமல் CGTMSE உத்தரவாதத்தில் வாங்கியிருந்தால் கூடுதல் தொகைக்கும் உத்தரவாதக் கட்டணம் கட்ட வேண்டும். இவற்றை மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டோம்.

கோப்பு கொடுத்த பிறகு அதிகாரி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். ரீல்களை எண்ணினார், எடைச் சீட்டுகளைப் பார்த்தார், மூலையில் தூசி படிந்திருந்த நான்கு ரீல்கள் எப்போது வாங்கியவை என்று கேட்டார். ஆறு வாரத்தில் ஒப்புதல் கடிதம் வந்தது. 35 கிடைக்கவில்லை. பாக்கி மீதான மார்ஜினை 25 ஆக்க மறுத்து, 30 ஆக்கியிருந்தார்கள். 36 இல் ரூ.25.20 லட்சம், சரக்கில் ரூ.6.75 லட்சம், கூட்டினால் ரூ.31.95 லட்சம். வரம்பு ரூ.32 லட்சம். எங்கள் தாளில் இருந்த அதே கணக்கு, ஒரே ஓர் எண் மட்டும் மாறியிருந்தது.

மூன்று லட்சம் குறைகிறதே என்றார் பெட்டிக்காரர். பழைய 6 லட்சத்தில் பாதி வந்தால் சரியாக அந்த 3 அடைந்துவிடும் என்று காட்டினேன். அதே தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஏற்றுமதியாளரின் கணக்குப் பிரிவுக்கு மறுநாள் காலை போனார்.